கல்லாப்பெட்டி பக்கத்தில் நான்கு எண்கள்

இரவு பதினொன்றரைக்கு ஷட்டரை இறக்கும்போது ஹோட்டல் உரிமையாளரின் போனுக்கு பில்லிங் சாப்ட்வேரிலிருந்து ஒரு செய்தி வந்து விழுகிறது: ‘இன்றைய விற்பனை ரூ. 44,860. பில்கள் 171.’ நேற்று 41,000 என்றால் இன்று முகம் மலர்கிறது. நேற்று 49,000 என்றால் சுருங்குகிறது. எப்படியானாலும் மறுநாள் காலையில் மாஸ்டர் வழக்கம்போல் 12 கிலோ அரிசி ஊறவைக்கிறார், கோழிக்கடைக்கு வழக்கமான ஆர்டரே போகிறது. அந்த எண் ஒருவரையும் ஒரு வேலையும் செய்ய வைக்கவில்லை.

சின்ன ஹோட்டல்களில் எண்களுக்குப் பஞ்சமே கிடையாது. மாதச் சந்தாவுக்கு வாங்கும் சாதாரண பில்லிங் சாப்ட்வேர்கூட மணிவாரியாக, ஐட்டம்வாரியாக, சப்ளையர்வாரியாக என்று டஜன் கணக்கில் ரிப்போர்ட் தருகிறது. அவற்றிலிருந்து ‘கேபிஐ’ என்ற பெயரில் முக்கியமான சில அளவுகளைப் பொறுக்கி, ஒரே பார்வையில் தெரியும்படி வைப்பதைத்தான் டேஷ்போர்டு என்கிறார்கள். அது கம்ப்யூட்டர் திரையாகவும் இருக்கலாம், கல்லாவுக்குப் பின்னால் மாட்டிய வெள்ளைப் பலகையாகவும் இருக்கலாம். சிக்கல் எல்லாம் எதைப் பொறுக்குவது என்பதில்தான். பெரும்பாலும் சாப்ட்வேர் எதைச் சுலபமாகத் தருகிறதோ அது பலகையில் ஏறிவிடுகிறது.

இதற்கு ஒரு கறாரான வடிகட்டி உண்டு. ஓர் எண்ணைப் பலகையில் எழுதுவதற்கு முன், அதன் பக்கத்தில் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், எந்தக் கோட்டைத் தாண்டினால் கவலைப்படுவார், தாண்டினால் என்ன செய்வார். நான்காவது கட்டத்தில் ‘கவனிக்க வேண்டும்’, ‘பேச வேண்டும்’ என்றுதான் எழுத வருகிறது என்றால் அந்த எண்ணுக்குப் பலகையில் இடமில்லை. மொத்த விற்பனை இந்தச் சோதனையில் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிடும். விற்பனை 44,860-க்கு இறங்கினால் என்ன செய்வது? கூட்டம் குறைந்ததா, வந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்களா, அல்லது இரண்டு மணிக்கே சரக்கு தீர்ந்துபோனதா? மூன்றுக்கும் மருந்து வேறு.

பேச்சாகவே விட்டுவிடாமல், ஒரு மாதிரி ஹோட்டலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது மேசை, 36 இருக்கை. மதியமும் இரவும் சீரகச்சம்பா சிக்கன் பிரியாணி, அதோடு சில்லி சிக்கன், கிரேவி, மாலையில் பரோட்டா. வாரத்துக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வியாபாரம். கீழே வரும் விலைகளும் எடைகளும் இந்த மாதிரிக் கடைக்கானவை. அவரவர் தங்கள் கடையின் எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும், போடும் முறை ஒன்றுதான்.

அண்டா எப்போது காலியானது?

பிரியாணிக் கடையில் அன்றாடம் எடுக்கும் பெரிய முடிவு ஒன்றே ஒன்று: இன்றைக்கு எத்தனை கிலோ போடுவது. இந்தக் கடையில் ஒரு கிலோ அரிசிக்கு எட்டு பிளேட் கணக்கு. புதன்கிழமை மதியம் 12 கிலோ போட்டால் 96 பிளேட்.

போன புதன் 96 விற்றது, அதற்கு முந்தைய புதனும் 96 விற்றது. ரிப்போர்ட்டில் இரண்டு நாளும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒரு புதனில் கடைசி பிளேட் மூன்றே காலுக்குப் போனது, இன்னொரு புதனில் ஒன்று ஐம்பதுக்கே அண்டா காலி. முதல் நாளில் போட்ட அளவு சரி. இரண்டாவது நாளில் கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். விற்காத பிளேட்டுக்கு பில் போடுவதில்லை என்பதால் சாப்ட்வேருக்கு அது தெரியவே தெரியாது. சமைத்த அளவுக்கு மேல் விற்பனை ரிப்போர்ட் ஒருநாளும் காட்டாது. அதை வைத்து ‘புதன்கிழமைத் தேவை 96’ என்று முடிவு செய்தால் அடுத்த புதனும் 12 கிலோதான், அதற்கடுத்த புதனும் 12 கிலோதான்.

ஆகவே பலகையின் முதல் வரி இரண்டே பதிவு: அண்டா தீர்ந்த நேரம், தீராவிட்டால் மூன்றரை மணிக்கு மிச்சமான பிளேட். எழுதுபவர் கேஷியர். பார்ப்பவர் மாஸ்டரும் உரிமையாளரும், மறுநாளைக்கு அரிசி அளக்கும் முன். கோடு இது: ஒரே கிழமையில் அடுத்தடுத்து இரண்டு வாரம் இரண்டே முக்காலுக்கு முன் தீர்ந்தால், அடுத்த வாரம் அதே கிழமைக்கு ஒரு கிலோ கூட்டு. இரண்டு வாரமும் பத்து பிளேட்டுக்கு மேல் மிஞ்சினால் ஒரு கிலோ குறை. கிழமையை மாற்றி ஒப்பிடக்கூடாது; ஞாயிறோடு திங்களை ஒப்பிட்டு மாஸ்டரைக் கடிந்துகொள்வதில் அர்த்தமே இல்லை.

எவ்வளவு வியாபாரம் போனது என்பதையும் ஓரளவு கணிக்க வழி உண்டு. அண்டா மூன்று மணி தாண்டியும் நின்ற புதன்களில், ஒன்று ஐம்பதுக்குப் பிறகு எத்தனை பிளேட் பில்லானது என்று மணிவாரி ரிப்போர்ட்டில் பார்த்தால் போதும். அது 20 என்றால், சீக்கிரம் தீர்ந்த நாளிலும் ஏறத்தாழ அவ்வளவு பேர் ஏமாந்து போயிருப்பார்கள். அவர்களில் சிலர் பரோட்டா சாப்பிட்டிருக்கலாம் என்பதால் நஷ்டம் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும்.

இங்கேதான் பல உரிமையாளர்களின் மனக்கணக்கு தடம் மாறுகிறது. “மொதலாளி, ரெண்டு மணிக்கெல்லாம் அண்டாவைத் தொடச்சு வச்சாச்சு” என்று மாஸ்டர் சொன்னால் அது நல்ல செய்தியாகத்தான் காதில் விழும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிளேட் 170 ரூபாய். கறி 150 கிராமுக்கு 34.50, அரிசி 12.50, எண்ணெய், வெங்காயம், மசாலா, நெய் எல்லாம் சேர்த்து 18, தயிர்ப் பச்சடிக்கும் தால்சாவுக்கும் 10. ஆகச் சரக்குச் செலவு 75 ரூபாய். ஒரு பிளேட் மிஞ்சினால் போவது 75. ஒரு பிளேட் பற்றாமல் போனால் போவது 95. மிஞ்சுவது கண்ணுக்குத் தெரிகிறது, வயிறு எரிகிறது. வாசல் வரை வந்து திரும்பியவரை யாரும் எண்ணுவதில்லை. கணக்குப்படி, பெரும்பாலான நாட்களில் நாலைந்து பிளேட் மிஞ்சும் கடைதான் சரியான அளவில் சமைக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. மதிய மிச்சத்தை இரவு அண்டாவில் கலக்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பதிவு முழுக்கப் பொய்யாகிவிடும். ஆறிப்போன சோற்றைச் சூடாக்கிப் பரிமாறுவதில் இருக்கும் உடல்நல ஆபத்து அதைவிடப் பெரியது. மிச்சம் மூன்றரைக்கே எண்ணப்பட்டு, பணியாளர் சாப்பாடாகவோ வேறாகவோ அன்றே கணக்கு முடிய வேண்டும்.

கணக்கில் வராத கோழி

அடுத்து, ஹோட்டல் தொழிலில் எல்லோரும் சொல்லும் ‘ஃபுட் காஸ்ட்’. சூத்திரம் எளிது. வாரத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு வாங்கிய சரக்கைக் கூட்டி, வாரக் கடைசியில் இருக்கும் சரக்கைக் கழித்து, வருவதை விற்பனையால் வகுத்தால் சதவீதம் வரும். விற்பனையை ஜிஎஸ்டி இல்லாமல் எடுக்க வேண்டும்.

நம் கடையில் தொடக்க இருப்பு 34,000. வாங்கியது 1,34,000. கடைசி இருப்பு 28,000. செலவானது 1,40,000. விற்பனை 3,20,000 என்பதால் 43.75 சதவீதம். போன வாரம் 41. உரிமையாளர் பதறிப்போய் சமையலறைக்குள் நுழைகிறார், யாரோ திருடுகிறார்கள் என்ற நினைப்போடு.

கொஞ்சம் பொறுக்க வேண்டும். கறிக்கோழியின் பண்ணை விலை பல்லடத்திலிருந்து அறிவிப்பாகி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் சரக்கு. போன வாரம் தோல் நீக்கிய கறி கிலோ 200-க்கு வந்தது, இந்த வாரம் 230. வாரத்துக்கு 258 கிலோ செலவாகும் கடையில் இந்த முப்பது ரூபாய் மட்டுமே 7,740 ரூபாய். விற்பனையில் அது 2.4 சதவீதம். அதாவது 41-லிருந்து 43.75-க்கு ஏறியதில் பெரும்பங்கு விலை. சமையலறையில் எவர் மீது கோபப்பட்டாலும் பல்லடத்து விலை இறங்காது.

இப்போது சதவீதத்தை ஓரம் வைத்துவிட்டு கிலோவைப் பார்க்கலாம். அந்த வாரம் பில்லில் ஏறியது ஆயிரம் பிளேட் பிரியாணி, நானூறு சில்லி சிக்கன், இருநூறு கிரேவி. ஒவ்வொன்றுக்கும் ரெசிப்பிப்படி 150 கிராம் பச்சைக் கறி. ஆயிரத்து அறுநூறு பிளேட்டுக்கு ஆக வேண்டியது 240 கிலோ. உண்மையில் ஆனதோ, இருப்பு 12, வாங்கியது 255, மிச்சம் 9 என்று பார்த்தால் 258. பதினெட்டு கிலோவுக்குக் கணக்கில்லை. ரூபாயில் 4,140.

பதினெட்டு கிலோ போன வாரமும் ஏறத்தாழ அப்படியே காணாமல் போயிருக்கிறது, அதற்கு முந்தைய வாரமும். கோழி விலை குறைவாக இருந்தபோது சதவீதம் அழகாகத் தெரிந்ததால் யாரும் தேடவில்லை. உரிமையாளரால் இந்த வாரமே சரிசெய்யக்கூடிய ஓட்டையை மறைத்துவிட்டு, அவரால் ஒன்றும் செய்ய முடியாத விலையைப் பற்றிக் கூச்சல் போடுவதுதான் ஃபுட் காஸ்ட் சதவீதத்தின் குணம். அதனால் இந்தப் பலகையில் சதவீதம் வேண்டாம். இரண்டாவது வரி: ‘கோழி – கணக்கில் வராத கிலோ’. வாரத்துக்கு ஒரு முறை, திங்கள் காலை, சரக்கு வருவதற்கு முன் ஃப்ரீசரைத் திறந்து எடைபோட்டு எழுதுவது. எல்லாச் சரக்குக்கும் இப்படிப் பார்க்கத் தேவையில்லை. கொத்தமல்லிக் கட்டுக்குக் கணக்கு வைத்தால் கணக்குப்பிள்ளை சம்பளம் அதைவிட அதிகமாகும். செலவில் பெரும்பங்கை விழுங்கும் ஒன்றிரண்டு சரக்கு போதும். இந்தக் கடையில் அது கோழி.

கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்பதற்கும் வரிசை உண்டு, அந்த வரிசை மாறக்கூடாது. முதலில் பின்வாசல் தராசு. கோழிக்கடைக்காரர் கொண்டுவரும் கறியை பில்லைப் பார்க்காமல் முதலில் நிறுத்து எழுதி, பிறகு பில்லோடு ஒப்பிட வேண்டும். கழுவிய நீர் வடியாமல் பையோடு வரும் கறி, வடித்து நிறுத்தால் குறைவாகத்தான் நிற்கும். நாற்பது கிலோ பில்லுக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தாலே வாரத்தில் ஏறத்தாழ பத்து கிலோ அங்கேயே போய்விடும். அது சரியாக இருந்தால் அடுத்தது கரண்டி. கூட்ட நேரத்தில் சமைக்கத் தயாராக இருக்கும் சில்லி சிக்கன் பங்குகளில் பத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தால், 150 கிராம் என்பது மாஸ்டரின் கையில் 165 ஆகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்றாவது பணியாளர் சாப்பாடு. பன்னிரண்டு பேருக்குச் சமைக்கும் குழம்பில் கோழி போனால் அது தப்பில்லை, எழுதாமல் போவதுதான் தப்பு. இந்த மூன்றும் தீர்ந்த பிறகே பில் போடாமல் போகும் பிளேட்டைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டும். நம் ஊர் ஹோட்டல்களில் வழக்கமாக நடப்பது தலைகீழ். சந்தேகம் முதலில் வரும், தராசு வரவே வராது.

விலையேற்றத்தை அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்கலாம். அதற்கு மருந்து வேறு, வேகமும் வேறு. கறி விலை மூன்று நான்கு வாரம் இறங்காமல் நின்றால் விலைப்பட்டியலைத் தொட வேண்டியிருக்கும், அல்லது கறி அதிகம் பிடிக்கும் ஐட்டத்தை ஸ்பெஷல் பலகையிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். திங்கள்தோறும் எடுக்கிற முடிவு இல்லை அது.

பதினெட்டு அதிகமா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். போன வாரம் 15, இந்த வாரம் 18. மூன்று கிலோ கூடியிருக்கிறது. இன்று விசாரணை நடத்த வேண்டுமா?

1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் தொலைபேசிக் கருவிகளின் தரத்தைப் பற்றி யோசித்தபோது இதே கேள்விதான் அவர் முன் நின்றது. எந்த எண்ணும் வாராவாரம் தானாகவே கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த இயல்பான ஆட்டத்துக்கெல்லாம் காரணம் தேடினால் வேலை கெடும். இயல்பான ஆட்டம் எது, புதிதாக ஏதோ நடந்ததற்கான அடையாளம் எது என்று பிரிக்க அவர் போட்ட வரைபடத்தின் எளிய வடிவம் ஹோட்டலுக்கும் அப்படியே பொருந்தும்.

எட்டு வாரத்தின் காணாத கிலோ இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 14, 18, 16, 19, 15, 17, 15, 18. சராசரி 16.5. அடுத்தடுத்த வாரங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் 4, 2, 3, 4, 2, 2, 3. அதன் சராசரி ஏறத்தாழ 2.86. இதை 2.66 என்ற நிலையான எண்ணால் பெருக்கினால் 7.6. சராசரியோடு கூட்டினால் 24, கழித்தால் 9. இந்த ஒன்பதுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில் எது வந்தாலும் அது இந்தக் கடையின் இயல்பு.

ஆக, 18 ஒரு செய்தி இல்லை. ‘இந்த வாரம் ஏன் மூன்று கிலோ கூடியது’ என்று கேட்டால் மாஸ்டர் ஏதாவது ஒரு காரணம் சொல்வார், அது உண்மையாகவும் இருக்காது. கேட்க வேண்டியது ‘எட்டு வாரமாக ஏன் பதினாறரை கிலோ போய்க்கொண்டே இருக்கிறது’ என்பது. அதற்கான விடை ஆளிடம் இருப்பதைவிட முறையில் இருக்க வாய்ப்பு அதிகம்: பின்வாசலில் தராசு இல்லை, கரண்டிக்கு அளவில்லை, பணியாளர் சாப்பாட்டுக்கு நோட்டு இல்லை. ஒரு வாரம் 26 வந்தால் அது வேறு கதை. அப்போது எந்த நாள், யார் வேலையில் இருந்தார், ஃப்ரீசர் நின்றுபோனதா என்று அன்றே தேட வேண்டும், விடையும் பெரும்பாலும் கிடைக்கும்.

கீழ்க் கோட்டுக்கும் வேலை உண்டு. ‘காணாத கிலோவைக் குறைத்தால் மாஸ்டருக்கு போனஸ்’ என்று அறிவித்துப் பாருங்கள். இரண்டே வாரத்தில் எண் அருமையாக இறங்கும். பிரியாணியில் இரண்டு துண்டு இருந்த இடத்தில் ஒன்றரைத் துண்டு இருக்கும். ஓர் அளவையே இலக்காக்கினால் அந்த அளவு கெட்டுப்போகும் என்று 1975-ல் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது சமையலறைக்கும் செல்லும். எனவே எண் பூஜ்யத்துக்கும் கீழே போனால், அதாவது ஆக வேண்டியதைவிடக் குறைவாகக் கறி ஆகியிருந்தால், அதுவும் அபாயமே. அன்றும் பத்து பங்கை நிறுத்துப் பார்க்க வேண்டும், இம்முறை வாடிக்கையாளர் பக்கம் நின்று. இந்த எண்ணோடு சம்பளத்தையோ போனஸையோ முடிச்சுப் போடாமல் இருப்பது இன்னும் நல்லது.

ஆப்பில் விற்ற பிளேட்டில் கையில் நிற்பது

மூன்றாவது எண் ஆன்லைன். ஸ்விகி, சொமேட்டோ போன்ற ஆப்களின் டேஷ்போர்டுகள் பளபளப்பானவை. ஆர்டர் எத்தனை, மொத்த மதிப்பு எவ்வளவு, ரேட்டிங் என்ன என்று எல்லாம் காட்டும். உரிமையாளருக்கு அதில் தேவையான எண்ணை அவரே வகுத்துத்தான் எடுக்க வேண்டும்: எல்லாப் பிடித்தமும் போக, சரக்கும் பேக்கிங்கும் போக, ஓர் ஆர்டருக்குக் கையில் நிற்பது எவ்வளவு?

ஆப்பில் பிரியாணி 190 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு பிளேட் ஆர்டர் 380. கடை ஏற்கும் தள்ளுபடி 60 போனால் 320. கமிஷன் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 22 சதவீதம் என்றால் 70 ரூபாய். கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 13 ரூபாய். சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கும் ஹோட்டல்கள் உள்ளீட்டு வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் இந்தப் பதின்மூன்றும் செலவுதான். ஆப்பில் மேலே தெரிவதற்குக் கொடுக்கும் விளம்பரக் காசு ஆர்டருக்கு 20. மிச்சம் 217. இரண்டு பிளேட் சரக்கு 150, டப்பாவும் பையும் 16. கடைசியில் கையில் நிற்பது 51 ரூபாய், பிளேட்டுக்கு இருபத்தைந்து. அதே பிளேட்டை மேசையில் சாப்பிட்டிருந்தால் 95.

இதைப் பார்த்ததும் ‘ஆப்பே வேண்டாம்’ என்று கிளம்புவது அவசரம். அந்த இருபத்தைந்தின் மதிப்பு அண்டாவின் நிலையைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்குள் அண்டா தீர்ந்துவிடும் என்று முதல் வரி சொல்கிறது. அன்று ஆப்பில் போகும் ஒவ்வொரு பிளேட்டும் வாசலில் நிற்பவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பிளேட். 25 சம்பாதித்து 95-ஐ விடுகிறோம். ஆகவே ஞாயிறு ஒன்று முதல் இரண்டரை வரை ஆப்பில் பிரியாணியை மட்டும் ‘ஸ்டாக் இல்லை’ என்று மாற்றலாம். மற்ற ஐட்டங்கள் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பத்து பிளேட் நிற்கிறது என்றால் நிலைமை நேர்மாறு. சமைத்தது சமைத்ததுதான், அதில் போட்ட 75 ஏற்கெனவே செலவு. அந்த நேரத்தில் ஆப் தரும் 217-ல் பேக்கிங்கைக் கழித்து மிச்சமெல்லாம் வரவு. தள்ளுபடி வைப்பதானால் அந்த நேரத்துக்கு வைக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் தள்ளுபடி எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், வைத்தது யார் என்பதே மறந்துபோயிருக்கும்.

வாரம் ஒரு முறை, ஆப்பிலிருந்து பணம் வங்கிக்கு வந்த மறுநாள், வந்த தொகையை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்துச் சரக்கையும் பேக்கிங்கையும் கழித்தால் எண் தயார். கோடு அறுபது ரூபாய் என்று வைத்திருந்தால் 51 அதற்குக் கீழே. முதலில் விளம்பரம் நிற்கும். அடுத்த வாரமும் ஏறாவிட்டால் தள்ளுபடிக்கான குறைந்தபட்ச ஆர்டர் 500 ரூபாயாகும். பையும் விளம்பரமும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பெரிய ஆர்டரில்தான் காசு நிற்கும்.

ரேட்டிங்? 4.2 என்பது 4.1 ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை, வருத்தப்படலாம். ‘சால்னா வைக்கவில்லை’, ‘ஒரு ஐட்டம் குறைகிறது’ என்று வாரத்தில் எத்தனை புகார் என்பது வேறு விஷயம். அது மூன்றைத் தாண்டினால் பார்சல் மேசையில் ஒருவர் பில்லை வாசித்து இன்னொருவர் பையில் போடும்படி மாற்றலாம். புகார் அதிகமாக இருக்கும் கடை ரேட்டிங்குக்குப் பதில் இதை வைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு ஒன்றேகாலுக்கு ஒரு தலை எண்ணல்

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷெரில் கைம்ஸ் 1990-களின் இறுதியில் ஹோட்டல்காரர்களுக்கு ஓர் அளவைக் கொடுத்தார்: ஓர் இருக்கை, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வருமானம் தருகிறது. விமானக் கம்பெனி இருக்கையை விற்பதுபோல ஹோட்டலும் இருக்கையின் நேரத்தைத்தான் விற்கிறது என்பது அதன் அடிப்படை. நல்ல அளவு, ஆனால் நம் 36 இருக்கைக் கடையில் வாரத்தில் ஆறு நாள் பாதி இருக்கை காலி. காலி இருக்கைக்கு மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு யாரும் எதுவும் செய்யப்போவதில்லை.

வாசலில் ஆள் நிற்கும் ஞாயிறு மதியம் மட்டும் அது உயிர்பெறுகிறது. அதற்கும் சூத்திரம் தேவையில்லை. ஒன்றேகால் மணிக்கு, எல்லா மேசையும் நிரம்பி வெளியே ஆள் காத்திருக்கும்போது, உள்ளே உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ண வேண்டும். ஒன்பது மேசையும் நிறைந்திருக்கிறது, தலையோ 25. பதினொரு இருக்கை காலி! காரணம் எளிது: இரண்டு பேராக வருகிறவர்கள் நான்கு பேர் மேசையில் உட்காருகிறார்கள். வார நாளில் தனியாக வருபவர் அறிமுகமில்லாதவருக்கு எதிரே கூச்சமின்றி உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, சப்ளையரும் உட்காரச் சொல்லத் தயங்குவார். நான்கு ஞாயிறு தொடர்ந்து தலை 28-க்குக் கீழே இருந்தால், மூன்று நால்வர் மேசைகளை எடுத்துவிட்டு ஆறு இருவர் மேசைகள் போடலாம். கூட்டம் பெரிதாக வந்தால் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு முறை மேசையை மாற்றியதும் அந்த எண்ணின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

சம்பளச் செலவு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க உணவகங்களில் சரக்குச் செலவையும் ஆள் செலவையும் சேர்த்து ‘பிரைம் காஸ்ட்’ என்று வாராவாரம் பார்ப்பார்கள். அங்கே பணியாளருக்கு மணிக்கணக்கில் கூலி. கூட்டம் குறைந்தால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம். நம் சின்ன ஹோட்டல்களில் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து, நாள் கூலியோ மாதச் சம்பளமோ பேசி வைத்திருக்கிறோம். வாராவாரம் பார்த்தாலும் அந்த எண் அசையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் எடுக்கும்போதோ நேரம் மாற்றும்போதோ பார்க்க வேண்டிய கணக்கு அது, நோட்டிலேயே இருக்கட்டும்.

பலகைக்கு வெளியே இருக்கும் நாட்காட்டி

இந்த நான்கில் எதையும் காலண்டரைப் பார்க்காமல் படிக்கக்கூடாது. புரட்டாசி வந்தால் அசைவக் கடையில் அண்டா தானாகவே மிஞ்சும், சனிக்கிழமைகளில் இன்னும் மோசம். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டில் மொத்தக் குடும்பமும் அசைவத்தை நிறுத்தியிருக்கும். அமாவாசை, கிருத்திகை, உள்ளூர்க் கோயில் திருவிழா, பள்ளிப் பரீட்சை, மழை, எல்லாமே அளவைச் சாய்க்கும். அதற்காகத் தனி மென்பொருள் தேவையில்லை. பலகையில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு ‘அமா’, ‘மழை’, ‘திருவிழா’ என்று எழுதினால் போதும். அப்படிக் குறித்த நாட்களை ‘இரண்டு வாரம் தொடர்ந்து’ என்ற விதியில் சேர்க்காமல் விடலாம். அடுத்த ஆண்டு அதே அமாவாசைக்கு எத்தனை கிலோ போடுவது என்று பார்க்கும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

யார் எழுதுகிறார் என்பதிலும் கவனம் வேண்டும். அண்டாவின் மிச்சத்தை மாஸ்டரே எழுதினால், திட்டுக்குப் பயந்து பத்து என்பது நாலாகும். கேஷியர் எழுதட்டும். திங்கள் காலை ஃப்ரீசர் எடையைச் சரக்கு வாங்குபவர் எழுதக்கூடாது. அவர் நிறுக்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். இதெல்லாம் சேர்ந்து தினம் ஐந்து நிமிடம், திங்கள் அன்று அரை மணி. அதற்கு மேல் ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் எழுத மாட்டார்கள், உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போவார்கள். அது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் சுலபம்: மிச்சம் தினமும் 5, 5, 10, 5 என்று ஐந்தின் மடங்காகவே வந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, பலகையிலிருந்து எண்ணை இறக்கவும் தெரிய வேண்டும். பின்வாசலில் தராசு வந்து, கரண்டிக்கு அளவு வந்து, காணாத கோழி மூன்று மாதம் தொடர்ந்து ஐந்து ஆறு கிலோவுக்குள் நின்றால், அந்த வரியை வாராவாரம் பார்ப்பதில் பயனில்லை. மாதம் ஒரு முறை நிறுத்தால் போதும். காலியான இடத்துக்கு அடுத்த பெரிய செலவு வரலாம். இந்தக் கடைக்கு அது எண்ணெய்: ஒரு டின் உடைத்த தேதி, தீர்ந்த தேதி, நடுவில் பில்லான சில்லி சிக்கனும் பரோட்டாவும் எத்தனை. ஒரு டின்னுக்கு வழக்கமாக வரும் பிளேட் குறைந்தால் முதலில் கடாயின் சூட்டைப் பார்க்க வேண்டும். எண்ணெய் காயாமல் போட்ட கோழி எண்ணெயைக் குடிக்கும்.